ஹிஞ்ச் ஆப்பில் முதல் மெசேஜ்: சில வருட அனுபவம்

சென்னையில் இருந்துகொண்டு சில வருடங்களாக ஹிஞ்ச் என்ற டேட்டிங் ஆப்பைப் பயன்படுத்தி வருகிறேன். இதில் மேட்ச் ஆவதற்கு முன்பே ஒரு மெசேஜ் அனுப்பலாம். ப்ரொஃபைலில் ஏதாவது ஒரு போட்டோவுக்கோ, கேள்விக்கு எழுதிய பதிலுக்கோ லைக் போடும்போது கூடவே ஒரு கமென்ட் எழுதலாம். எதிராளிக்கு அந்தப் போட்டோவோடு சேர்ந்தே அது போய்ச் சேரும். அவர் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த வரி எழுத முடியும். அதனால் அந்த ஒரு கமென்ட்டில்தான் எல்லாமே இருக்கிறது.

என் ப்ரொஃபைலில், ஞாயிறு காலையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பறவை பார்க்கப் போவேன் என்று எழுதியிருக்கிறேன். தோளில் பைனாகுலரோடு ஒரு போட்டோவும் உண்டு. அதற்கு வரும் கமென்ட்டில் பாதிக்கு மேல் "செம க்யூட்", "ஸ்மைல் சூப்பர்" ரகம். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம் என்பதால் பதில் எழுத எதுவுமே கிடைக்காது. "அடுத்த ஞாயிறு நானும் வரட்டுமா?" என்பது இன்னொரு ரகம். முன்பின் தெரியாதவரிடம் எங்கே, எத்தனை மணிக்கு என்று எப்படிச் சொல்வேன்? "நீங்க எங்க ரிப்ளை பண்ணப் போறீங்க" என்று ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். பேச்சு தொடங்கும் முன்பே என்னைக் குற்றவாளி ஆக்கிவிடும் வரி அது.

ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "தினமும் ரேடியல் ரோடு வழியாத்தான் ஆபீஸ் போறேன். தூரத்துல வெள்ளையா கூட்டமா நிக்கிறது பூநாரையா, கொக்கா? இத்தனை நாளா கொக்குன்னே நினைச்சுட்டேன்."

உடனே பதில் போட்டேன். நான் எழுதியதைப் படித்திருக்கிறார். தன்னைப் பற்றியும் ஒரு துளி சொல்லியிருக்கிறார். கேட்டது ஒரே கேள்வி, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். "கழுத்தும் காலும் ரொம்ப நீளமா, பறக்கும்போது இறக்கையில ரோஸ் தெரிஞ்சா பூநாரை" என்று எழுதினேன். என் வேலை, வீடு, நேரம் எதையும் அவர் கேட்கவில்லை. நேரில் பார்க்கும் பேச்சு வெகு நாள் கழித்துத்தான் வந்தது, அதையும் நான்தான் எடுத்தேன்.

இப்போது நானும் அதே மாதிரிதான் அனுப்புகிறேன். ஒருவர் மொட்டை மாடித் தோட்டத்தின் போட்டோ போட்டிருந்தார், ஓரத்தில் ஒரு தக்காளிச் செடி. "கார்டன் அழகு" என்று எழுதாமல், "எங்க வீட்டுத் தக்காளி பூ வெச்சு வெச்சு உதிர்ந்துடுது. உங்களுக்கு மே மாசத்துல காய் பிடிச்சுதா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய விஷயம் அது. தெரிந்துகொண்டே சும்மா கேட்டால் இரண்டாவது மெசேஜிலேயே பேச்சு வற்றிவிடும்.

வெறும் கண்ணாடி செல்ஃபியும் "டிராவல், ஃபுட், மியூசிக்" என்ற வரியும் மட்டும் உள்ள ப்ரொஃபைலில் இந்த முறை எடுபடாது. கேட்க ஒன்றும் இருக்காது. இலவசக் கணக்கில் தினசரி லைக்குக்கு வரம்பு இருப்பதால் அந்த மாதிரி ப்ரொஃபைல்களை அப்படியே தாண்டிவிடுகிறேன்.