செக்கில் 48,900, எழுத்தில் 48,090: தமிழில் தொகை அடிக்கும் பில் ஃபைல் வாங்குபவர்கள் கவனிக்க

தருமபுரியில் புளி மண்டி வைத்திருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து விவசாயிகளிடம் எடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புவது தொழில். விவசாயிக்குக் கொடுக்கும் பில்லிலும் செக்கிலும் தொகை தமிழில் எழுத்தாக வர வேண்டும், வியாபாரிக்குப் போகும் இன்வாய்ஸில் ஆங்கிலத்தில் வர வேண்டும். இதைச் செய்து தருவதாகக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் வந்தார். எக்செல் ஃபைலுக்கு 10,000, தமிழுக்குத் தனியாக 4,000. "நானே எழுதின சாஃப்ட்வேர் சார், தமிழ் யாரும் பண்ணித் தர மாட்டாங்க" என்றார். டெமோவில் 12,345 அடித்துக் காட்டினார், 1,25,000 அடித்துக் காட்டினார். இரண்டும் படிக்க நன்றாகத்தான் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு பெரியவர் செக்கோடு மண்டிக்கு வந்தார். 652 கிலோ, கிலோ 75 ரூபாய், ஆக 48,900. "என்னப்பா, எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு போட்டு வெச்சிருக்கே? பேங்க்ல திருப்பி அனுப்பிட்டான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். கட்டத்தில் 48,900 சரியாக இருந்தது. கோட்டின் மேல் "நாற்பத்தெட்டு ஆயிரம் தொண்ணூறு" என்று இருந்தது. அதாவது 48,090. அவருக்கு 810 ரூபாய் குறைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் கையெழுத்தும் போட்டு. மூன்று வருடமாக என்னிடம் புளி போடுகிற மனிதர். ஏமாற்றப் பார்த்தேன் என்று நினைத்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதையே தொகையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப்படி பார்த்தால் அந்த செக் 48,090-க்குத்தான். ஆனால் நடைமுறையில் வங்கி அந்த வம்புக்குப் போவதில்லை, 'தொகை எழுத்திலும் எண்ணிலும் வேறுபடுகிறது' என்று காரணம் போட்டுத் திருப்பிவிடும். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கமும் இப்போது செல்லாது. ஸ்கேன் செய்து கிளியரிங் போகும் செக்கில் தொகையைத் திருத்தினால் எடுக்க மாட்டார்கள். புது செக்தான் போட்டுக் கொடுத்தேன். ரிட்டர்ன் சார்ஜ் அவர் கணக்கிலும் பிடித்திருந்தது, என் கணக்கிலும் பிடித்திருந்தது. அவருடையதை நான் கையில் கொடுத்தேன்.

தவறு எப்படி வந்தது என்று யோசித்தால் தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும். எழுபது, எண்பது, அடுத்து தொண்ணூறு. எழுநூறு, எண்ணூறு, அடுத்து தொள்ளாயிரம். நம் எண்களில் ஒன்பது வரும் இடத்தில் மட்டும் பெயர் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தொண்ணூறில் நூறு இருக்கிறது, ஆனால் மதிப்பு 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது, ஆனால் மதிப்பு 900. அந்த ஆள் எழுநூறு, எண்ணூறுக்குக் கீழே அதே ஓசையில் தொண்ணூறு என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

போன் போட்டேன். "நெட்ல இருந்து எடுத்தது சார், தப்பா இருக்காது" என்றார். படித்துக் காட்டிய பிறகு, "அப்டேட் பண்ணணும், 2,500 ஆகும்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஃபைலைத் திறந்தான். எக்செல் மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழை நேராக அடித்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடுமாம். அதனால் தமிழ்ச் சொற்களை ஒரு ஷீட்டில் எழுதி மறைத்து வைப்பார்கள் என்றான். கீழே ஷீட் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து Unhide கொடுத்தான். ஒரே பத்தியில் சொற்கள், 900-க்கு நேரே 'தொண்ணூறு'. செல்லில் திருத்தி அடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. இதற்குத்தான் 2,500 கேட்டார்.

ஆங்கிலப் பக்கம் இன்னும் அழகு. Alt+F11 அழுத்தினால் மேக்ரோ ஜன்னல் திறக்கிறது, பூட்டுகூட இல்லை. அதில் இருந்தது மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் இலவசமாகவே கொடுத்திருக்கும் SpellNumber. டாலர், சென்ட் இருந்த இடத்தில் ரூபாய், பைசா மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான் "நானே எழுதினது".

```
Place(2) = " Thousand "
Place(3) = " Million "
```

எண்ணை வலதிலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டும் கணக்கு அது. நமக்கு முதல் வெட்டுதான் மூன்று, அதன் பிறகு இரண்டிரண்டாக வெட்டி லட்சம், கோடி என்று போக வேண்டும். ஒரு வியாபாரிக்கு 10 டன், கிலோ 125 ரூபாய்க்கு அனுப்பியபோது பில்லில் இப்படி வந்திருந்தது:

```
One Million Two Hundred Fifty Thousand Rupees and No Paise
```

தொகை தப்பில்லை. ஆனால் அவர்கள் அக்கவுண்ட்ஸில் பன்னிரண்டரை லட்சம் என்று இல்லாததால் பில்லை நிறுத்தி வைத்துவிட்டார்கள், பணம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

தமிழில் இன்னொரு குறையும் இருந்தது, வங்கி கண்டுகொள்ளாது, ஆனால் படிப்பவர் சிரிப்பார். பின்னால் எண் தொடர்ந்தால் நம் சொல் மாறும். ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும், நூறு நூற்று ஆகும். ஷீட்டில் ஒரே பத்தி இருந்ததால் 1,09,990-க்கு "ஒன்று லட்சம் ஒன்பது ஆயிரம்..." என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணுவதுபோல் வந்தது. பையன் பக்கத்தில் இரண்டாவது பத்தி போட்டு, மீதி பூஜ்யமானால் முதல் பத்தி, மீதி இருந்தால் இரண்டாவது என்று மாற்றினான். இப்போது "ரூபாய் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூறு மட்டும்" என்று வருகிறது. 5,000-க்கு "ஐந்து ஆயிரம்" என்று வராமல் "ஐயாயிரம்" வரவும் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. 'ரூபாய்' முன்னால் ஒட்டி வருவது அவசியம். வெறும் 'ஆயிரம்' என்று தொடங்கி இடதுபுறம் இடம் விட்டால் யாரும் 'பத்து' என்று நுழைத்துவிடலாம்.

வாங்குமுன் விற்பவர் காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள், நீங்களே அடியுங்கள். 900, 990, 9,909 மூன்றும் ஒன்பதின் குழப்பத்தைக் காட்டிவிடும். 1,00,000 அடித்தால் 'லட்சத்து' என்று தொங்கலாக நிற்கக் கூடாது, 1,00,005-க்கு 'ஒரு லட்சத்து ஐந்து' வர வேண்டும். ஆங்கிலத்துக்கு 12,50,000 ஒன்றே போதும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பழைய செக்குகளில் நூறாம் இடத்தில் 9 இருப்பவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். என்னிடம் 41 செக்கில் நான்கு இருந்தன. ஒன்று அந்தப் பெரியவருடையது. இரண்டு என் வங்கிக் கிளையிலேயே போட்டதால் தமிழ் வரியை யாரும் படிக்காமல் பாஸாகியிருந்தன. நான்காவதை இன்னும் வங்கியில் போடவில்லை, தேடிப் போய் மாற்றிக் கொடுத்தேன்.

போன வாரம் பாலக்கோடு ரோட்டில் ஒரு தீவனக் கடையில் மூட்டை வாங்கினேன். பில் மொத்தம் 3,900. கீழே "மூன்று ஆயிரம் தொண்ணூறு" என்று இருந்தது. கடைக்காரரை எழுப்பி விட்டு, ஷீட்டை Unhide செய்து அந்த செல்லைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஃபைலுக்கு அவர் கொடுத்தது 16,000.