விளக்குக்குள் தெரிந்த நீலத் தார்ப்பாய்: படத்துக்குப் பின்னணி மாற்றக் கொடுத்து ஏமாந்த கதை

எங்கள் வீடு நாச்சியார்கோயிலில். மாமனார் பித்தளைக் குத்துவிளக்கு செய்கிறவர். காவிரி வண்டலில் அச்சு எடுத்து, வார்த்து, கடைசலில் பிடித்து, துலக்கி முடிக்கும் வேலை முழுக்க அவருடையது. அதை ஆன்லைனில் விற்கும் வேலை என்னுடையது. போன மாதம் விளக்குப் படங்களுக்குப் பின்னணி மாற்றக் கொடுத்ததில் 2,560 ரூபாய் போனது. பணத்தைவிட, ஒரு வாடிக்கையாளரும் போனார் என்பதுதான் எனக்கு வருத்தம். கைவினைப் பொருள் விற்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

படங்களைப் பட்டறையிலேயே எடுத்திருந்தேன். பின்னால் கரி மூட்டை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய். பின்னணியை எடுத்துவிட்டு வெள்ளைத் தளத்தில் மென்மையான நிழலோடு வைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். படத்துக்கு 80 ரூபாய். “ஆட்டோமேட்டிக் எல்லாம் இல்லக்கா, பென் டூல் வச்சு கையால ஓரம் வெட்டுவேன்” என்றார். 32 படம் அனுப்பி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டேன். முதல் தப்பு அது.

நாலு மணி நேரத்தில் எல்லாப் படமும் வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஐந்து முகத் தட்டும் உச்சியில் அன்னமும் உள்ள ஒரு விளக்கைக் கையால் ஓரம் வெட்டக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். 32 படத்துக்கு எட்டு மணி நேரம். நான் கணக்குப் பார்க்கவில்லை. போனில் சின்னதாகப் பார்த்தபோது பளிச்சென்று இருந்ததால் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அன்று ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்னத்தின் வளைந்த கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் தார்ப்பாய் நீலம் அப்படியே இருந்தது. தூக்கு விளக்கின் சங்கிலியிலோ ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு நீலப் பொட்டு. வெளி ஓரத்தை மட்டும் தானாகவே வெட்டும் கருவியிடம் விட்டால் உள்துளைகள் இப்படித்தான் மாட்டும். கையால் வெட்டுகிறவர் ஒவ்வொரு துளையையும் சுற்றித் தனியாக ஒரு வெட்டுப் பாதை போட்டே ஆக வேண்டும், விட்டுப்போக வாய்ப்புக் குறைவு.

நிழல் இன்னும் மோசம். விளக்கின் உருவத்தையே கறுப்பாக நகலெடுத்து, கொஞ்சம் தள்ளி, மங்கலாக்கி வைத்திருந்தார். எடிட்டரில் Drop Shadow என்று ஒரே சொடுக்கில் வருவது அது. விளக்கு தரையில் நிற்பதாகத் தெரியவில்லை. காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டியது போல இருந்தது. நிஜமான நிழல் அடிப்பாகம் தரையைத் தொடும் கோட்டில்தான் மிகக் கறுப்பாக, மெல்லியதாக இருக்கும். விலக விலக வெளுத்து, ஓரம் கரைந்துபோகும். தொடும் அந்தக் கோடு இல்லையென்றால் பொருள் மிதக்கும். அதோடு, என் படத்தில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலில் இருந்து வந்தது. விளக்கின் இடப்பக்கம் மின்னுகிறது, அவர் போட்ட நிழலும் இடப்பக்கம்! சூரியன் இரண்டு என்று நினைத்தாரோ என்னவோ.

இதெல்லாம் திருத்தக்கூடிய குறை. மூன்றாவதுதான் விஷயமே. துலக்கிய பித்தளை கண்ணாடி மாதிரி. எதிரே, பக்கத்தில் இருப்பதையெல்லாம் அது காட்டும். தண்டின் வளைவில் சிவப்பாக ஒரு கோடு, நாற்காலி. தட்டின் விளிம்பில் நீலம், தார்ப்பாய். சுற்றிலும் வெள்ளை ஆக்கிய பிறகு அந்த நிறங்கள் துரு மாதிரியும் கறை மாதிரியும் தெரிந்தன. ஓரத்தை எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் இது போகாது. பின்னணி பாதி விளக்குக்குள்ளேயே இருக்கிறதே! வேலை தெரிந்தவராக இருந்தால் படத்தைப் பார்த்த உடனே “அக்கா, இது வேண்டாம், திரும்ப எடுத்து அனுப்புங்க” என்று சொல்லியிருப்பார்.

புகார் சொன்னேன். மறுநாள் ‘திருத்தி’ அனுப்பினார். நீலத்தின் நிறத்தை உறிஞ்சி எடுத்திருந்தார். அங்கங்கே சாம்பல் திட்டு வரவே, அதை மறைக்க முழுத் தண்டையும் வழவழப்பாக்கிவிட்டார். கடைசல் உளி விட்டுப்போகும் மெல்லிய வளையக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. படத்தை மாமாவிடம் காட்டினேன். “ஏம்மா, இது யார் செஞ்ச விளக்கு?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அதற்குள் ஏற்றியிருந்த அந்தப் படத்தைப் பார்த்து இரண்டடி விளக்கு வாங்கிய திருச்சிக்காரர், “படத்தில் வழவழவென்று இருக்கிறது, வந்ததில் கோடு கோடாக இருக்கிறது” என்று திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை. பித்தளைக்கு இரண்டு பக்கக் கூரியர் என்ன ஆகும் என்று விற்கிறவர்களுக்குத் தெரியும்.

விளக்கு, நிழல், தளம் என்று தனித்தனி லேயராகப் பிரித்த கோப்பைக் கேட்டேன், வேறொருவரிடமாவது கொடுத்துச் சரிசெய்யலாம் என்று. “அதெல்லாம் தர்றதில்ல” என்றார். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

சரி, இனி என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டினேன், வெயில் மென்மையாக வர. மேசையிலிருந்து சுவர் வரை ஒரே வெள்ளைத் தாளை மடிப்பு விழாமல் வளைத்து விட்டேன். விளக்குக்கு இரு பக்கமும் தெர்மோகோல். இப்போது பித்தளை வெள்ளையைத்தான் காட்டுகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தால் தண்டின் ஓரமும் வெள்ளையாகி, தளத்தோடு கரைந்துவிடுகிறது. அதனால் இரண்டு தெர்மோகோலின் ஓரத்திலும், கேமராவில் விழாத இடத்தில், ஒரு விரல்கடை அகலத்துக்குக் கறுப்பு அட்டை. தண்டின் இரு பக்கமும் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவம் எழும்பி நிற்கிறது.

நிழலை நான் வரைவதே இல்லை, தாளில் விழுந்த அசல் நிழலையே வைத்துக்கொள்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற எடிட்டர் போதும். அடியில் ஒரு வெள்ளை லேயர். அதன் மேல் எடுத்த படம் முழுசாக, முறை Multiply. Levels-இல் தாள் முழு வெள்ளை ஆகும் வரை வெளிச்சத்தை ஏற்றினால், வெள்ளை மறைந்து நிழல் மட்டும் தங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஓரம் வெட்டிய விளக்கு. பித்தளையில் பட்டுத் தாளில் விழும் மஞ்சள் ஒளிகூட நிழலின் ஓரத்தில் லேசாகத் தங்குகிறது. அது கறுப்பு நிழலில் வராது.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இருப்பதிலேயே கஷ்டமான ஒரு படத்தை மட்டும் முதலில் கொடுங்கள். எனக்கென்றால் அது தூக்கு விளக்கு. லேயர் கோப்பாகவே கேளுங்கள். வெட்டிய பொருளுக்கு அடியில் கருஞ்சிவப்பு நிறத்தை நிரப்பி, இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைத் தளத்தில் ஒளிந்திருக்கும் வெளிர் விளிம்பும், வெட்டாமல் விட்ட துளையும் அந்தச் சிவப்பில் தப்ப முடியாது. அது தேறினால் மட்டும் மீதிப் படமும் பணமும்.

32 படத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். 27 முடிந்தது. தூக்கு விளக்கைத் தள்ளிப்போட்டே வருகிறேன், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பாதை போட வேண்டும்.