பால்கனி வேலைக்கு ஆள் தேடுகிறீர்களா? 85,000 ரூபாய் போன கதை இது

நேற்று ராத்திரி மழையில் பால்கனித் தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. துடைத்து முடித்த கையோடு எழுதுகிறேன், கோபம் அடங்கவில்லை.

சென்னையில் அடுக்குமாடி வீடு, பத்தடிக்கு நாலடி பால்கனி. துணிக்கொடி, செடித்தொட்டி, எதிர் ஃபிளாட் பார்வைக்கு மறைப்பு, புதுத் தரை எல்லாம் ஒரே பேக்கேஜ் என்று ஆப் வழியாக ஆள் அனுப்பும் ஓர் இன்டீரியர் நிறுவனத்துக்கு 85,000 ரூபாய் கொடுத்தேன்.

பழைய தரை ஹாலைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக, மூலைக் குழாயைப் பார்த்துச் சரிவாக இருந்தது. அதை உடைக்காமல், மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள், ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. சூப்பர்வைசர் ரசமட்டத்தை வைத்து, "பாருங்க சார், குமிழி நட்ட நடுவுல நிக்குது, ஒரு நூல் பிசகாது" என்றார். அந்த நிதானமான பேச்சிலேயே மீதிப் பணத்தையும் அனுப்பினேன். பால்கனியில் குமிழி நடுவில் நிற்கவே கூடாதாம்! நூறுக்கு ஒன்று சரிவு வேண்டும், அதாவது பத்தடி தள்ளி இருக்கும் குழாய்க்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் அங்குலம் தரை இறங்க வேண்டும். இதை இன்று காலை பக்கத்துத் தெரு கொத்தனார் சொன்னார்.

போதாததற்குத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் இருக்கும் ஜாலி மேல் பிளாஸ்டிக் புல்விரிப்பு, அதன் மேல் செடித்தொட்டி. தொட்டி மண் கரைந்து ஜாலியை அடைத்துக்கொண்டது. மறைப்புக்குப் போட்ட ஷீட் கைப்பிடியிலிருந்து மேல்தளம் வரை இடைவெளியே இல்லாமல் நிற்கிறது, காற்று வராமல் துணியெல்லாம் மக்கல் வாடை. காயாத துணி சொட்டுவதும் அந்தப் புல்லில்தான்.

போன் செய்தால் முதலில் "டிக்கெட் போட்டிருக்கோம் சார்". அப்புறம் "வாரண்டி டைல்ஸுக்குத்தான், தண்ணி தேங்குறதுக்கு இல்ல". கடைசியில் "குழாய் அடைப்பு அசோசியேஷன் வேலை". சூப்பர்வைசர் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கீழ்வீட்டு அக்கா தன் பால்கனி சீலிங்கில் ஈரம் படர்ந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், அதற்கு நான் என்ன பதில் சொல்ல? 85,000 கொடுத்து அவர் வீட்டையும் கெடுத்தாயிற்று. உடைத்துத் திரும்பப் போட கொத்தனார் தனியாகக் கேட்கிறார்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். பணம் முடிக்கும் முன் தூரத்து மூலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டி, அது தானாக ஜாலிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஜாலி மேல் எதுவும் வேண்டாம், தொட்டிகளைக் கால் வைத்த ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். மறைப்புக்கு மேலேயும் கீழேயும் ஒரு சாண் விடச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்போது அதற்குத்தான் போன் போடப்போகிறேன்.