இருபதா, இருநூறா? விரலுக்குச் சரியாகச் சொல்லும் நோட்டு எது

என் சித்தப்பாவுக்குக் கண்ணழுத்த நோய் வந்து பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். யாராவது நோட்டு நீட்டினால் கண்ணருகில் கொண்டுபோக மாட்டார். நோட்டைக் குறுக்காக மடித்து, மடிந்ததை ஆள்காட்டி விரலோடு ஒட்டி நிறுத்தி, ஓரம் விரலில் எங்கே முடிகிறது என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பார். இரண்டு நொடி வேலைதான். பல வருஷம் அதில் தப்பே வந்ததில்லை. 2016-க்குப் பிறகுதான் தடுமாற ஆரம்பித்தார். நோட்டுகளின் அளவை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது அதனால்தான்.

முதலில் 1996-ல் வந்த மகாத்மா காந்தி வரிசை, அதாவது நாம் 'பழைய நோட்டு' என்கிறோமே, அது. பத்தும் இருபதும் 63 மில்லிமீட்டர் அகலம். ஐம்பதிலிருந்து மேலே எல்லாம் 73. சித்தப்பாவின் விரல் பிடித்துக்கொண்டது இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான். 63 என்றால் விரல் நுனிக்கு முன்பே ஓரம் நின்றுவிடும், 73 என்றால் நுனியை எட்டிவிடும். நோட்டைக் குறுக்காக எத்தனை மடிப்பு மடித்தாலும் அகலம் குறையாது என்பதுதான் இதில் விசேஷம். சில்லறை நோட்டா பெரிய நோட்டா என்பது மடித்த நிலையிலேயே தெரிந்துவிடும். அப்புறம் நீளத்தைப் பார்த்தால் போதும்: ஐம்பது 147, நூறு 157, ஐந்நூறு 167, ஆயிரம் 177. ஒவ்வொரு படியும் சரியாகப் பத்து மில்லிமீட்டர்.

புதிய வரிசையில் பத்து, இருபது அதே 63 அகலம். ஐம்பதிலிருந்து ஐந்நூறு வரை 66. ஒரு சென்டிமீட்டராக இருந்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டராகிவிட்டது. கசங்கி ஓரம் பிய்ந்த நோட்டில் மூன்று மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட இல்லாததுபோல. ஆக, எல்லாச் சுமையும் நீளத்தின் தலையில் விழுகிறது. பத்து 123, இருபது 129, ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. கீழே ஆறும் ஏழுமாக இருக்கிற இடைவெளி, மேலே போனதும் நான்காகச் சுருங்குகிறது. நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு, இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நான்கு. தப்பினால் முந்நூறு ரூபாய் போகிற இடத்தில்தான் விரலுக்கு மிகக் குறைந்த உதவி. பாதியாக மடித்த நோட்டில் அந்த நான்கும் இரண்டாகிவிடும். என் பார்வையில் இந்த வரிசையின் பெரிய குறை இதுதான்.

புதிய வரிசை மட்டும் புழங்கினாலாவது பழகிக்கொள்ளலாம். பழைய சில்லறை நோட்டுகளும் பழைய நூறும் இன்னும் செல்லுபடியாகின்றன. இங்கேதான் சிக்கல். பழைய இருபது 147-க்கு 63. புதிய இருநூறு 146-க்கு 66. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர், அகலத்தில் மூன்று. ஒரு நாள் சித்தப்பா மீதிச் சில்லறையாக இருபது ரூபாய் கொடுப்பதாக நினைத்து இருநூறை நீட்டிவிட்டார். வாங்கியவர் யாரோ, போனவர் போனவர்தான். சாயங்காலம் கல்லா எண்ணும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்த இரண்டு நோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நீளத்தில் கீழே இருந்த இருபது ஒரு கோடுபோல மட்டும் வெளியே தெரிந்தது. பழைய பத்துக்கும் (137) புதிய ஐம்பதுக்கும் (135) இதே கதைதான். இன்னொன்று: பழைய நூறு 157 நீளம், புதிய ஐந்நூறைவிட ஏழு மில்லிமீட்டர் பெரியது. 'பெரிய நோட்டு என்றால் பெரிய மதிப்பு' என்று விரல் கற்றிருந்த பாடமே தலைகீழாகிறது.

நீளம் கைவிட்டால் புடைத்த குறிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. நூறில் முக்கோணம், ஐந்நூறில் வட்டம், முன்பக்க ஓரங்களில் சாய்வான கோடுகள்: நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. இருநூறுக்கும் நான்கு கோடுகள், நடுவில் இரண்டு சின்ன வட்டங்கள். வங்கியிலிருந்து வந்த புது நோட்டில் இவை நகத்துக்கு நன்றாகத் தட்டுப்படும். மை மேடாக நிற்கும்படி அச்சிடப்பட்டவை என்பதால், கைமாறக் கைமாற அழுந்தி வழவழப்பாகிவிடும். புதிய வரிசையில் நூறுக்குக் கீழே உள்ள நோட்டுகளில் இந்த மேட்டுக் குறிகளே இல்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட 'மணி' செயலி போன் கேமரா வழியாக நோட்டைப் பார்த்து மதிப்பைச் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து எண்ணும்போது உதவும். கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் போனை எடுக்க முடியாது.

நேர் எதிர்ப்பக்கம் அமெரிக்க டாலர். ஒன்றும் நூறும் ஒரே அளவு, ஏறத்தாழ 156-க்கு 66. பார்வையற்றோருக்கான அமெரிக்கக் கவுன்சில் தொடர்ந்த வழக்கில் 2006-ல் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன் தீர்ப்பளித்தபோது, காகிதப் பணம் வெளியிடும் 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் எல்லா நோட்டையும் ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் அச்சிடுவது அமெரிக்கா மட்டுமே என்று சுட்டிக்காட்டினார். அளவை மாற்றினால் அச்சுச் செலவும் தானியங்கி விற்பனை இயந்திரங்களை மாற்றும் செலவும் அதிகம் என்று அரசு வாதிட்டது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2011-ல் கருவூலத் துறை எடுத்த முடிவு: தொட்டறியும் குறி, பெரிய எண்கள், இலவசமாக நோட்டு படிக்கும் கருவி. அளவில் கைவைக்கவில்லை.

ஒரே அளவுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஐந்து டாலர் தாளின் மையை வெளுத்துவிட்டு அதே தாளில் நூறு டாலர் அச்சடிக்கிற கள்ள வேலை அங்கே நடந்திருக்கிறது. தாள் அசல் என்பதால் தொட்டுப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. அளவு வேறுபட்டால் சின்னத் தாளிலிருந்து பெரிய நோட்டு செய்யவே முடியாது. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் இது பாதுகாப்புதான்.

கனடா ஒரே அளவையே வைத்துக்கொண்டு 2001 முதல் புள்ளிக் கூட்டங்களைப் புடைப்பாக வைக்கிறது. ஐந்து டாலருக்கு ஒரு கூட்டம், பத்துக்கு இரண்டு, இருபதுக்கு மூன்று. அமெரிக்க டாலரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் குறி இருக்கும் மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டும், நோட்டு தலைகீழாக இருந்தால் திருப்ப வேண்டும். அளவுக்கு அந்தத் தேடல் வேண்டாம்.

யூரோவில் ஐந்து 120-க்கு 62, பத்து 127-க்கு 67, இருபது 133-க்கு 72, ஐம்பது 140-க்கு 77. நீளமும் அகலமும் சேர்ந்தே ஏறுகின்றன. அன்றாடம் அதிகம் கைமாறும் நான்கு நோட்டுகளையும் மடித்த நிலையில் அகலத்தை வைத்தே பிரித்துவிடலாம். புதிய யூரோ வரிசையில் நூறையும் இருநூறையும் 77 அகலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இயந்திரத்துக்கும் பர்ஸுக்கும் அது வசதி. சின்ன நோட்டுகளில் அகல வித்தியாசத்தை விட்டுவைத்தார்களே, அந்த அளவுக்கு அந்தச் சமரசம் எனக்குச் சம்மதம். தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எடுப்பது யூரோ முறையைத்தான். அடுத்து நம் பழைய வரிசை. புதிய வரிசை அதற்கும் பின்னால்தான்.

சித்தப்பா இப்போது வேறு வழி வைத்திருக்கிறார். பழைய இருபதும் பழைய பத்தும் வந்தால் கல்லாப்பெட்டியில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாகப் போட்டுவைத்து, மாலையில் பால்காரருக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார். இருநூறை மட்டும் வாங்கியவுடனே நீளவாக்கில் மடித்து வைக்கிறார். அந்த மடிப்பு கையில் பட்டால் வேறு எதையும் அளக்க வேண்டியதில்லை.