ஹூக், டாபிக், டைமிங்: ஓடாத வீடியோவில் கோளாறு எங்கே?

வீடியோ படுத்துவிட்டால் கை நேராக ஸ்கிரிப்டுக்குத்தான் போகிறது. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே மாதத்தில் இரண்டு வீடியோக்கள் படுத்த பிறகுதான் அந்தப் பழக்கம் போனது. என் சேனலில் முதல் இரண்டு நாளில் வழக்கமாக 4,000 பார்வை வரும். இந்த இரண்டுக்கும் 700-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸைத் திறந்தால் இரண்டின் கதையும் வேறு வேறு.

முதலாவது, பழைய லேப்டாப்பில் ராம் கூட்டினால் வேகம் கூடுமா என்ற வீடியோ. கிளிக் விகிதம் 5.6 சதவீதம், என் சேனலுக்கு வழக்கமான அளவு. அதாவது தம்ப்நெயிலைப் பார்த்தவர்கள் எப்போதும்போல் உள்ளே வந்திருக்கிறார்கள், டாபிக்கில் குறையில்லை. ஆனால் 30-வது நொடியில் மிஞ்சியவர்கள் 43 சதவீதம்தான். மற்ற வீடியோக்களில் இது 68-ஐ ஒட்டி இருக்கும். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோடு தொடக்கத்திலேயே சரிந்து, பிறகு தட்டையாகப் போகிறது. இது ஹூக்கின், அதாவது பார்ப்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய தொடக்கத்தின் கோளாறு. தலைப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, வணக்கம் சொல்லி, ராம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். வந்தவர்களுக்கு ராம் என்னவென்று தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வியைக் கிளிக் செய்தார்கள்.

இரண்டாவது, வீடியோ கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கும் முறை பற்றியது. இதில் எல்லாம் தலைகீழ். 30-வது நொடியில் 74 சதவீதம் பேர் இருக்கிறார்கள், பாதி வரை பெரிய சரிவே இல்லை. கிளிக் விகிதம்தான் 1.9. இதன் ஸ்கிரிப்டைத் திருத்தியிருந்தால், நன்றாக இருந்த ஒரே பகுதியைக் கெடுத்திருப்பேன்.

கிளிக் விகிதம் குறைந்தால் உடனே டாபிக்கைக் குற்றம் சொல்லவும் முடியாது. தம்ப்நெயிலும் தலைப்பும்கூடக் காரணமாகலாம். அதனால் முதலில் அவற்றை மாற்றி ஒரு வாரம் விட்டேன். 2.3 ஆனது, அவ்வளவுதான். பிறகு அதே விகிதத்தை டிராஃபிக் சோர்ஸ் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முகப்புப் பக்கத்தில் 1.6, தேடலில் 8-க்கு மேல். கோப்புகள் குழம்பித் தவிப்பவர் தேடி வந்து பார்க்கிறார். சும்மா ஸ்க்ரோல் செய்பவருக்கு அது தேவைப்படவில்லை. டாபிக் மோசமில்லை, தேடலுக்கான டாபிக்கை முகப்புக்கான டாபிக்போல நினைத்து எடுத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதம் வரை இருப்பதாக யூடியூபே சொல்கிறது. அவ்வளவு அகலமான வரம்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உங்கள் சேனலின் பழைய வீடியோக்கள் அதே வயதில், அதாவது இரண்டாம் நாளை இரண்டாம் நாளோடு வைத்து, எப்படி இருந்தன என்றுதான் ஒப்பிட வேண்டும். இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில் காட்டப்படும் எண்ணிக்கை, பெருகப் பெருக வீடியோ புதியவர்களிடம் போகும், விகிதம் தானாகவே இறங்கும்.

டைமிங்கை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். பலரும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதில் யார் மனமும் புண்படாது. கிளிக் விகிதமும் ரிடென்ஷனும் வழக்கம்போல் இருந்து, இம்ப்ரெஷன் மட்டும் குறைந்தால் டைமிங்காக இருக்கலாம். ஆனால் ஹூக்கோ டாபிக்கோ சரியில்லை என்றாலும் யூடியூப் காட்டுவதைக் குறைத்துவிடும், அப்போதும் இம்ப்ரெஷன் குறையும். என் ராம் வீடியோவிலும் அப்படித்தான் குறைந்திருந்தது. ஆகவே மற்ற இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சினால்தான் டைமிங். அதிலும் எத்தனை மணிக்கு ஏற்றினோம் என்பது நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. உண்மையில் அடிபடுவது விஷயத்தின் பருவம் தப்பும்போதுதான். ஒரு ஃபோன் அப்டேட் வந்து மூன்று வாரம் கழித்து அதன் புதிய வசதிகளைச் சொன்னால், கூகுள் டிரெண்ட்ஸில் அந்தத் தேடல் ஏற்கெனவே உச்சம் தொட்டு இறங்கியிருக்கும். ஸ்கிரிப்டை எத்தனை முறை எழுதினாலும் அது திரும்ப ஏறாது.

கடைசியில் இரண்டு ஸ்கிரிப்டையும் நான் தொடவில்லை. ராம் வீடியோவில், ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே 0:04 முதல் 0:47 வரை வெட்டினேன். லிங்க், பார்வை, கமெண்ட் எல்லாம் அப்படியே இருந்தன. மாற்றம் சேமிக்கப்பட்டு முடியும்வரை பழைய வடிவமே ஓடியது. அதற்குப் பிறகு வந்தவர்களில் 61 சதவீதம் பேர் 30-வது நொடியைத் தாண்டினார்கள். பார்வை ஒரேயடியாக எகிறவில்லை, முதல் இரண்டு நாள் வேகம் போனது போனதுதான். பெயர் வைக்கும் வீடியோவுக்குத் தலைப்பை மட்டும், மக்கள் தேடல் பெட்டியில் தட்டும் சொற்களிலேயே மாற்றி எழுதினேன். அது இன்றும் தினமும் பத்து இருபது பேரைக் கொண்டுவருகிறது.