மாரியில் மேலெழுந்த நீச்சல் தொட்டி: கடலுக்கும் வாவிக்கும் இடையே வளவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரையான மணல் நிலத்தில் வீட்டு வளவுக்குள் சிறிய நீச்சல் தொட்டி கட்ட எண்ணுபவர்களும், ஏற்கெனவே கட்டி முடித்து இந்த மாரியில் அதை வடித்துக் கழுவ எண்ணுபவர்களும் இதை முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். எங்கள் வளவில் கட்டப்பட்ட தொட்டி கடந்த தை மாதத்தில், நீர் இறைக்கப்பட்ட இரவிலேயே, ஒரு பக்கம் ஏறக்குறைய நான்கு அங்குலம் மேலெழுந்து, குழாய்கள் முறிந்து, இன்று பயன்படுத்த முடியாமல் கிடக்கிறது. இது இயற்கையின் செயல் என்று ஒப்பந்தகாரர் சொல்கிறார். அவர் கையெழுத்திட்டுத் தந்த விலைமதிப்பில் இருந்த வேலைகளைச் செய்திருந்தால் இது நடந்திருக்காது என்பதை அளவுகளோடு காட்ட முடியும்.

அம்மாவின் முழங்கால் நோவுக்கு நீருக்குள் நடக்கும் பயிற்சி நல்லது என்று மருத்துவர் கூறியதால், உள்ளளவில் 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் சுவர் உயரமும் கொண்ட தொட்டி ஒன்றைக் கட்டத் தீர்மானித்தோம். விலைமதிப்பிலும் அதனுடன் இணைத்த வரைபடத்திலும் அடித்தட்டு எட்டு அங்குலக் கனம், கம்பி இரண்டு அடுக்கு, சுவருக்கு வெளியே நான்கு பக்கமும் அடித்தட்டு ஓர் அடி நீண்டிருத்தல், அடித்தட்டும் சுவரும் சேரும் இடத்தில் நீர்த்தடுப்புப் பட்டி, 1:1½:3 கலவை, அடியில் நிலநீர் அமுக்கத்தை விடுவிக்கும் வால்வு ஆகியவை தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இவற்றுக்கான தொகை முழுவதையும் அவர் பெற்றுக்கொண்டார்.

வேலை கச்சான் காலத்தில் தொடங்கியது. அக்காலத்தில் எங்கள் கிணற்றில் நீர் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். அதனால் குழி தோண்டுவதற்கு அது சரியான பருவம்தான். ஆனால் மணல் நிலத்தில் குழியின் பக்கங்கள் செங்குத்தாக நிற்பதில்லை. ஓர் அடி அகலமாக அடித்தட்டு இட வேண்டுமானால், அதற்கும் மேலாகப் பக்கங்களைச் சரிவாக வெட்டி, சுவரின் வெளிப்புறத்தில் பலகை அடித்து, கொங்கிறீற்று இறுகிய பின்னர் மணலை மீண்டும் நிரப்ப வேண்டும். கூலியும் பலகையும் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். அவர் செய்தது வேறு: தொட்டியின் வெளியளவுக்கே குழியை வெட்டி, சரிந்த மணலின் மேல் பொலித்தீன் விரித்து, அதையே வெளிப்பலகையாகக் கொண்டு சுவரை வார்த்துவிட்டார். வெளிநீட்டம் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை.

குழியின் ஒரு மூலையில் ஊறிய நீரை, அந்த மூலையிலேயே பம்பின் குழாயை வைத்து இறைத்தார்கள். அப்படி இறைக்கும்போது நீரோடு சேர்ந்து மணலும் போகும், அடிநிலம் இளகிப்போகும். குழிக்கு வெளியே, அடித்தட்டின் மட்டத்திலும் ஆழமாகச் சிறு கிடங்கு ஒன்று வெட்டி, அதில் சல்லி போட்டு அங்கிருந்து இறைப்பதே முறை. பம்பிலிருந்து வெளிவரும் நீர் கலங்கி மணலோடு வந்தால் இறைப்பு தவறான இடத்தில் நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

கொங்கிறீற்று நீர் கசியாமல் இருப்பதற்குக் கலவையில் இடும் தண்ணீரே முதல் காரணம். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. கூடுதலான தண்ணீர் பின்னர் காய்ந்து வெளியேறும்போது கொங்கிறீற்றுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகள் வழியாகவே நீர் நடக்கிறது. எங்கள் வளவில் அளவுப் பாத்திரம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. கலவை தானாக ஓடிப் பரவும் வரை ரியூப்பினால் தண்ணீர் அடித்தார்கள், அதிர்வுக் கருவியும் கொண்டுவரவில்லை. அடித்தட்டை வார்த்துச் சில நாட்கள் கழித்துச் சுவரை வார்த்தபோது, இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டிய பீவிசி பட்டி வைக்கப்படவில்லை. அந்தப் பட்டியின் பாதி அடித்தட்டோடு வார்க்கப்பட்டு, மறுபாதி நிமிர்ந்து நின்று சுவருக்குள் புதைய வேண்டும். பின்னர் எந்த வகையிலும் அதைச் செருக முடியாது. நாங்கள் வேலைக்குச் சென்றிருந்த பகல் நேரங்களில் இந்த இரண்டு வார்ப்புகளும் முடிந்தன.

தொட்டி நிரப்பப்பட்டதும் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. கேட்டபோது, "காத்து உறிஞ்சுது தம்பி, கச்சான் நேரம் இப்படித்தான், ஒண்டுக்கும் பயப்படாதீங்க" என்றார். அது காற்றா கசிவா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வாளியில் தொட்டி நீரை நிரப்பித் தொட்டியின் படியில் வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் தொட்டியின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு ஒரு நாள் விட வேண்டும். இரண்டின் மேலும் ஒரே வெயிலும் ஒரே காற்றும்தான் படுகின்றன. எங்கள் வாளியில் கால் அங்குலம் குறைந்தது. தொட்டியில் ஒன்றரை அங்குலம் குறைந்தது. நிரப்பாமல் தொடர்ந்து விட்டுப் பார்த்தபோது, தொட்டியின் மட்டம் கிணற்று நீரின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. கசியும் வழி அந்த மட்டத்துக்கும் கீழே, அதாவது அடித்தட்டுச் சேர்வில் உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதைக் காட்டிய பின்னர் அவர் ஆட்களை அனுப்பி உட்புறத்தில் சீமெந்துப் பூச்சும், அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சும் அடித்தார். உள்ளிருந்து வெளியே போகும் நீரை அப்பூச்சு சில காலம் தடுத்தது. மாரி வந்து நிலநீர் உயர்ந்ததும் அமுக்கம் திசை மாறியது. வெளியிலிருந்து தள்ளிய நீர் பூச்சைக் கொப்புளமாக உரித்தது. அப்போதுதான் அவர், தொட்டியை முழுவதும் வடித்துக் கழுவி மறுபடி பூச வேண்டும் என்று சொல்லி, பம்பைப் பூட்டி இரவு முழுவதும் ஓடவிட்டுச் சென்றார். இறைத்த நீரும் தொட்டியின் அருகிலேயே வளவுக்குள் விடப்பட்டதால், அதைச் சுற்றியிருந்த மணல் மேலும் நனைந்தது. கிணற்றில் நீர் தரையிலிருந்து ஓர் அடி ஆழத்தில் நிற்கிறது என்பதை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு மூன்று நாட்களில் வற்றிவிடும் என்பதே அவருடைய பதில்.

அந்த இரவில் நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். நீருக்குள் அமிழ்ந்த எந்தப் பொருளையும் அது விலக்கும் நீரின் எடை மேலே தள்ளுகிறது. வெறுமையான தொட்டி நிலநீருக்குள் நிற்கும் தோணி போன்றது. பின்னர் நாங்கள் அழைத்து வந்த பொறியியலாளர் அடித்தட்டை ஓரிடத்தில் துளைத்து அளந்தபோது ஐந்து அங்குலக் கனமும், ஒரே அடுக்குக் கம்பியும்தான் இருந்தன. சுவர் ஆறு அங்குலம். அந்த அளவுக்குக் கொங்கிறீற்றின் மொத்த எடை சுமார் 7.6 தொன். தொட்டியின் வெளிப்புற அடிப்பரப்பு சுமார் 7.6 சதுர மீற்றர். ஆகவே அடித்தட்டின் அடிமட்டத்துக்கு மேலே நிலநீர் ஒரு மீற்றர் உயர்ந்தாலே, தள்ளும் விசை தொட்டியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அன்று அது 1.2 மீற்றருக்கும் சற்று அதிகமாக நின்றது. தள்ளிய விசை சுமார் 9.3 தொன். சுவரைப் பிடித்திருந்த மணலின் உராய்வு சிறிது நேரம் தாங்கியிருக்கலாம். இடையில் பொலித்தீன் இருந்ததால் அதுவும் அதிகமாக இருந்திருக்காது.

அடித்தட்டை எட்டு அங்குலமாக இட்டிருந்தால் மட்டும் போதுமா என்று நானும் கேட்டேன். போதாது, எடை 9 தொன் அளவுக்குத்தான் கூடும். உண்மையான பாதுகாப்பு அந்த ஓர் அடி வெளிநீட்டத்தில்தான் இருந்தது. நீட்டிய தட்டின் மேல் நிற்கும் மணலும் தொட்டியோடு சேர்ந்து கீழே அழுத்துவதால், கொங்கிறீற்றும் மணலுமாக 20 தொன் வரை பாரம் கிடைக்கும். நிலநீர் தரைமட்டம் வரை வந்தாலும் அந்த அகலமான தட்டைத் தள்ளும் விசை சுமார் 18 தொன். ஒப்பந்தகாரர் குழியில் மிச்சப்படுத்திய அந்த ஓர் அடியே தொட்டியை மண்ணில் இருத்தி வைக்கும் பகுதி.

நிலநீர் வால்வு, வெளி அமுக்கம் உள்ளிருப்பதைவிட அதிகமாகும்போது தானே திறந்து நீரை உள்ளே விட்டுத் தொட்டியைக் காப்பது. எங்கள் தொட்டியில் அதன் மூடி மட்டும் அடித்தட்டில் பதிக்கப்பட்டிருந்தது. கீழே சல்லிப் படுக்கையும் இல்லை, வால்வும் இல்லை. மூடியைக் கண்டு நாங்கள் நம்பினோம். அதை அப்படிப் பதித்ததை ஏமாற்று என்றே சொல்வேன்.

தொட்டி கட்டப்போகிறவர்கள், கம்பி கட்டி முடிந்து வார்ப்புக்கு முன்னர், குழியின் அகலத்தையும் பட்டியையும் வால்வையும் அளவு நாடாவுடன் படம் எடுத்த பின்னரே அடுத்த தவணையைக் கொடுங்கள். தொட்டியின் அருகே, அடித்தட்டிலும் ஆழமாக, கீழ்ப்பகுதியில் துளையிட்ட நான்கு அங்குலப் பீவிசி குழாய் ஒன்றை, சுற்றிலும் சல்லியிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வடிப்பதற்கு முன்னர் ஒரு கயிற்றில் எடை கட்டி அதற்குள் இறக்கினால் வெளியே நீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தேவையானால் முதலில் அந்தக் குழாயிலிருந்து இறைக்கலாம். கிணறு இருக்கும் வளவில், மாரியில் நீர் ஏறிய கறை கிணற்றுச் சுவரிலேயே தெரியும். ஒப்பந்தகாரர் அந்த மட்டத்தை வைத்தே கணக்குச் சொல்ல வேண்டும்.

முழுவதும் வடித்துக் கழுவுவதை ஆடி, ஆவணி மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் தூரிகையாலும் அடிக்கசடு உறிஞ்சும் குழாயாலும் நீருக்குள்ளேயே சுத்தம் செய்ய முடியும். எங்கள் தொட்டியில் அன்று ஓர் அடி நீரை விட்டிருந்தாலே விசைகள் சமமாகியிருக்கும். இரண்டு அடி விட்டிருந்தால் அச்சமே இருந்திருக்காது. வடிக்கும் நீரில் குளோரின் இருந்தால் சில நாட்கள் மருந்திடாமல் வெயிலில் விட்டு, பின்னர் கிணற்றுக்கும் தொட்டிக்கும் தூரமாக விடுங்கள்.

பொறியியலாளரின் அளவுகளையும், விலைமதிப்பையும், பணம் செலுத்திய சீட்டுகளையும் மத்தியஸ்த சபையில் கொடுத்திருக்கிறோம். இதே ஒப்பந்தகாரர் இந்தக் கரையோரத்தில் வேறு தொட்டிகளும் கட்டியிருக்கிறார் என்று அறிகிறேன். அவருடைய பெயரை இங்கே எழுத முடியாது. உங்கள் தொட்டியை யார் கட்டியிருந்தாலும், அடித்தட்டிலுள்ள வால்வு மூடியை ஒருமுறை கழற்றி, கீழே வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதை நிலநீர் தாழ்ந்திருக்கும் கச்சான் காலத்தில் செய்யுங்கள்; அதுவரை தொட்டியை நீரோடு விட்டு வையுங்கள்.