கடன் வட்டியை விலையில் ஏற்றுவதா, ரொக்கத் தள்ளுபடி கொடுப்பதா?

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. ரொக்கமாக விற்றால் சரக்கு ரூ.1,00,000. வங்கி ஓ.டி. வட்டி ஆண்டுக்கு 12%. 60 நாள் கடனுக்கு வட்டி ஏறக்குறைய 2%, அதாவது ரூ.2,000.

முதல் வழியில் எல்லோருக்கும் ரூ.1,02,000 என்றே பில் போடலாம். கணக்கு எளிது. ஆனால் கையில் பணத்தோடு வருபவர் அடுத்தவரின் வட்டியையும் சேர்த்துக் கட்டுகிறார். பக்கத்துக் கடையில் விலை கேட்டதும் போய்விடுவார். மிஞ்சுவது கடன்காரர்கள்தான். அவர்களும் 90 நாள் இழுத்தால் வட்டி ரூ.3,000 ஆகிவிடும், ஏற்றியதோ இரண்டாயிரம்.

இரண்டாவது வழியில் பில் ரூ.1,02,000, 7 நாளில் கட்டினால் 2% தள்ளுபடி. கழிவு ரூ.2,040 என்பதால் கைக்கு வருவது ரூ.99,960. நாற்பது ரூபாய்தானே எனலாம். 5% ஏற்றி 5% கழித்தால் லட்சத்துக்கு ரூ.250 போகும். 53 நாள் முன்னதாகக் கட்ட 2% என்பது வாங்குபவருக்கு ஆண்டுக்கு 14% மிச்சம். 12 சதவீதத்தில் பணம் புரட்டக்கூடியவர் உடனே கட்டுவார். கந்துவட்டிக்கு வாங்குபவர் சீண்டமாட்டார்.

இதில் வரும் தலைவலி, 45-ம் நாள் கட்டிவிட்டு 2% பிடித்துக்கொள்வது. கெடு தேதியைப் பில்லிலேயே அச்சிடுங்கள். பிடித்த தொகையை அடுத்த பில்லில் பழைய பாக்கியாகக் காட்டுங்கள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

நல்ல ரொக்க வாடிக்கையாளர் பாதிப்பேராவது இருந்தால் தள்ளுபடிதான் சரி. எல்லோரும் கடன் என்றால் விலையில் ஏற்றுங்கள், ஆனால் 60 நாளுக்கல்ல, உண்மையில் பணம் வரும் சராசரி நாளுக்கு.